கழுத்துக் கட்டி முதல் சுற்றிலேயே கரைந்துவிட்டது. மீதி ஐந்து சுற்றும் எதற்கு?

பூங்குழலி

என் அண்ணனுக்கு வயது 46. இடது காறை எலும்புக்குச் சற்று மேலே 2 செ.மீ. அளவில் தென்பட்ட கட்டி, ஐந்தே வாரத்தில் 6 செ.மீ. ஆனது. வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. இரவில் மட்டும் சட்டையைப் பிழியும் அளவுக்கு வியர்த்தது. பக்கத்து நிணநீர்க் கணு ஒன்றை முழுதாக எடுத்துப் பயாப்ஸி செய்தார்கள். முடிவு: டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்று. சி.டி.20 பாசிட்டிவ், ஜெர்மினல் சென்டர் வகை, பிரியும் செல்களைக் காட்டும் கே.ஐ.-67 85 சதவீதம். பெட் ஸ்கேனில் கழுத்திலும் அதே பக்க அக்குளிலும் மட்டும் நோய் இருந்ததால் இரண்டாம் நிலை என்றார்கள். இரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி 412, அந்த ஆய்வகத்தின் மேல் வரம்பு 250.

ரிட்டுக்சிமாப்பும் சாப் என்ற நான்கு மருந்துக் கூட்டும் சேர்ந்த ஆர்-சாப் சிகிச்சை, 21 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு சுற்று என்று திட்டம். முதல் சுற்று முடிந்து பத்து நாள் ஆகிறது. கட்டி இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் கைக்கு ஒன்றுமே தட்டுப்படவில்லை. "போய்விட்டதே, இன்னும் ஐந்து முறை எதற்கு இந்த நஞ்சை ஏற்ற வேண்டும்?" என்று அண்ணன் கேட்கிறார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இன்னொரு பக்கம் உறவினர்கள், இவ்வளவு வேகமாக வளர்ந்தது என்றால் பிழைப்பது அரிது என்று காதுபடப் பேசுகிறார்கள். வேகமாக வளர்ந்த ஒன்று இவ்வளவு வேகமாகக் கரைவது நல்லதா, கெட்டதா?

சிவசங்கரன்

எனக்கும் லிம்போமாதான் அம்மா. ஐந்தாண்டாக ஒரு மாத்திரைகூட இல்லாமல் கண்காணிப்பில் மட்டும் இருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்க் காட்டிவிட்டு வருவேன். அக்குள் கணு கூடும், குறையும். "அவசரப்படத் தேவையில்லை" என்றுதான் என் மருத்துவர் சொல்கிறார். உங்கள் அண்ணனுக்குக் கட்டியே போய்விட்டது என்றால், நிறுத்தி வைத்துப் பார்க்கலாமே? திரும்ப வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கதிரேசன்

வேகமாகப் பிரியும் செல்களைத்தான் கீமோ கொல்லும். ஆகவே வேகமான லிம்போமாதான் குணமாகும், மெதுவானது குணமாகாது. உறவினர்கள் சொல்வதைக் காதில் வாங்க வேண்டாம்.

ஆனால் ஆறு சுற்று எனக்கும் அதிகமாகத்தான் படுகிறது. இந்தக் கூட்டில் உண்மையான மருந்து ரிட்டுக்சிமாப் ஒன்றுதான், அது சி.டி.20 உள்ள செல்லை மட்டும் தேடிப் பிடிக்கும். மற்ற நான்கும் 1970களின் பழைய நஞ்சு. ரிட்டுக்சிமாப் மட்டும் தொடர முடியுமா என்று கேளுங்கள். நான்கு சுற்றே போதும் என்று 2019இல் ஃப்ளையர் என்ற ஆய்வும் வந்திருக்கிறது.

மரு. அருள்மொழி

இரத்தப் புற்றுநோய்ப் பிரிவில் பணியாற்றுகிறேன். அண்ணனின் ஸ்கேனையோ ஸ்லைடையோ நான் பார்க்கவில்லை. பொதுவாகத்தான் சொல்ல முடியும். ஆனால் இரண்டாம் சுற்றுக்கான தேதியைத் தள்ளிப் போட்டுவிட வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சிவசங்கரன் ஐயா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது ஃபாலிகுலர் போன்ற மந்தமான வகையாக இருக்க வேண்டும். லிம்போமா என்ற ஒரே பெயரின் கீழ் பல நோய்கள் இருக்கின்றன. உங்களுக்குக் காத்திருப்பது சரியான சிகிச்சை. இந்த நோயில் சிகிச்சை இல்லாமல் காத்திருந்தால் சில மாதங்களுக்குள் உயிர் போய்விடும்.

இப்போது கட்டி கரைந்த கதைக்கு வருகிறேன். ஆர்-சாப்பில் முதல் ஐந்து நாள், நாளுக்கு 100 மி.கி. பிரெட்னிசலோன் கொடுப்பார்கள். நிணநீர்ச் செல்களில் பெரும்பாலானவை ஸ்டீராய்டு பட்டாலே தாமாக மடியும். அதோடு கட்டியின் வீக்கமும் வடியும். முதல் வாரத்திலேயே கழுத்து மெலிவதில் ஸ்டீராய்டுக்குப் பெரிய பங்கு உண்டு. அது நல்ல அறிகுறிதான். ஆனால் கைக்குத் தட்டுப்படவில்லை என்பதை வைத்து உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று சொல்ல முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிந்துகொள்வதற்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. யாரும் அளந்தவை அல்ல. 6 செ.மீ. கட்டி ஏறத்தாழ 100 கிராம் எடை இருக்கும். ஒரு கிராமுக்கு 100 கோடி செல் என்றால், தொடக்கத்தில் 10,000 கோடி செல்கள். ஒரு சுற்று மருந்து ஆயிரத்தில் 999ஐக் கொல்கிறது என்றும், தப்பியவை அடுத்த சுற்று வருவதற்குள் பத்து மடங்கு பெருகுகின்றன என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஆகமொத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் நூறில் ஒரு பங்கு மிஞ்சும். முதல் சுற்றுக்குப் பின் 100 கோடி. அதாவது ஒரு கிராம், அதுவும் கழுத்திலும் அக்குளிலும் சிதறிக் கிடக்கும். விரலுக்கு அகப்படாது. இரண்டாம் சுற்றுக்குப் பின் ஒரு கோடி. இதைப் பெட் ஸ்கேனாலும் பார்க்க முடியாது. மூன்றுக்குப் பின் ஒரு லட்சம், நான்குக்குப் பின் ஆயிரம், ஐந்துக்குப் பின் பத்து. ஆறாவது சுற்றில்தான் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது.

ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது என்று இரண்டாம் சுற்றோடு நிறுத்தினால், அந்த ஒரு கோடி மூன்று வாரத்துக்குப் பத்து மடங்காகப் பெருகி, மூன்று மாதத்துக்குள் பழைய அளவுக்கே வந்துவிடும். மருந்துக்கு மசிந்த செல்கள் போய், மசியாதவை மட்டும் பெருகியிருக்கும் என்பதால் அது முன்பைவிடக் கடினமான நோயாகவும் இருக்கும்.

தேன்மொழி

ஸ்டீராய்டைப் பற்றி மருத்துவர் சொன்னது எங்கள் வீட்டிலேயே நடந்தது. அம்மாவின் கழுத்துக் கட்டியை ஒரு மருத்துவமனையில் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, புற்று எதுவும் இல்லை, கிருமித் தொற்றால் வீங்கிய கணு என்றார்கள். பிறகு காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை தொடங்கினார்கள். மூச்சு இறுக்கமாக இருக்கிறது என்று அம்மா சொன்னதும் அதோடு ஸ்டீராய்டும் சேர்த்தார்கள். கட்டி பாதியாகச் சுருங்கியது. காசநோய் மருந்து பிடித்துவிட்டது என்று எல்லாரும் மகிழ்ந்தோம். ஸ்டீராய்டைக் குறைத்து நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாக எழும்பியது, தாடைக்குக் கீழே புதிதாக இரண்டு வேறு.

வேறிடத்தில் பயாப்ஸி எடுத்தபோது, வந்த திசுவில் பாதி செத்துக் கிடக்கிறது, இதை வைத்து வகை சொல்ல முடியாது என்று நோயியல் மருத்துவர் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு கணுவை முழுதாக எடுத்த பிறகுதான் டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் என்று உறுதியானது. சுருங்கியதை நம்பித்தான் அத்தனை வாரங்களை இழந்தோம். பூங்குழலி, உங்கள் அண்ணனுக்கு முதலிலேயே முழுக் கணுவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பெரிய தொல்லை ஒன்றிலிருந்து தப்பிவிட்டீர்கள்.

மரு. அருள்மொழி

தேன்மொழி அவர்கள் எழுதியதை எத்தனையோ குடும்பங்களிடம் கேட்டிருக்கிறேன். மெல்லிய ஊசியில் செல்கள் உதிரியாகத்தான் வரும்; அவை கணுவுக்குள் எப்படி அடுக்கியிருந்தன என்பது தெரியாது. இந்த நோயைக் கண்டுபிடிக்க அந்த அமைப்பும் வேண்டும், பல சாயங்களைப் போட்டுப் பார்க்கும் அளவுக்குத் திசுவும் வேண்டும். வாரக்கணக்கில் பெரிதாகும் கணுவுக்கு ஊசிப் பரிசோதனையில் "ஒன்றுமில்லை" என்று வந்தால், அந்தப் பதிலை நம்பி உட்காரக் கூடாது. மூச்சுக்குழாயை அழுத்துவது போன்ற ஆபத்து இல்லாத வரை, பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டைத் தொடவும் கூடாது.

அடுத்து கதிரேசன். வேகத்தைப் பற்றிச் சொன்னது பாதி சரி. 85 சதவீதம் கே.ஐ.-67 என்றால், அந்தத் திசுவில் ஏறத்தாழ அத்தனை செல்களும் பிரியும் வேலையில் இருக்கின்றன. கீமோ மருந்துகள் பிடிப்பது அந்த வேலையில் இருக்கும் செல்களைத்தான். ஃபாலிகுலர் வகையில் பல செல்கள் சும்மா கிடக்கும். மருந்து கடந்து போனபின் எழுந்துகொள்ளும். அதனால்தான் அதை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைக்க முடிகிறதே தவிர, பெரும்பாலும் வேரோடு எடுக்க முடிவதில்லை.

ஆனால் வேகம் மட்டும் குணத்தைத் தருவதில்லை. மிக், பி.சி.எல்.2 என்ற இரண்டு மரபணுக்களும் இடம் மாறிய ஒரு வகை இதைவிட வேகமாக வளரும். ஆர்-சாப்புக்கு அது சரியாக மசியாது. பி.சி.எல்.2 புரதம், சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் தடுக்கும். மருந்து உள்ளே போய் டி.என்.ஏ.வை உடைத்தாலும், உடைந்த செல் தற்கொலைக்கு இணங்காவிட்டால் பயன் இல்லை. பூங்குழலி, பயாப்ஸி அறிக்கையில், இந்த மரபணுக்கள் இடம் மாறினவா என்று காட்டும் ஃபிஷ் பரிசோதனை முடிவு வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

"பழைய நஞ்சு" என்று கதிரேசன் எழுதியதற்கு ஒரு வரலாறு உண்டு. சாப் கூட்டு 1970களில் வந்தது. அதன்பின் பத்துப் பதினைந்து ஆண்டு, மேலும் பல மருந்துகளைச் சேர்த்து வலுவான கூட்டுகளைச் செய்து பார்த்தார்கள். 1993இல் அவற்றில் மூன்றைச் சாப்போடு நேருக்கு நேர் ஒப்பிட்டபோது, எதுவும் சாப்பைவிட உயிரைக் கூடுதலாகக் காப்பாற்றவில்லை. நச்சு மட்டும் கூடியது. நஞ்சைக் கூட்டுவதால் பயன் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. 2002இல் பிரான்சின் கெலா குழு, 60 முதல் 80 வயது வரையிலான 399 பேரிடம், அதே சாப்போடு ரிட்டுக்சிமாப்பை மட்டும் சேர்த்து ஒப்பிட்ட முடிவை வெளியிட்டது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது சாப் மட்டும் பெற்றவர்களில் 27.6 சதவீதமும், ரிட்டுக்சிமாப் சேர்த்துப் பெற்றவர்களில் 43.5 சதவீதமும் உயிரோடு இருந்தார்கள். அத்தனை வயதானவர்களில் இது பெரிய வேறுபாடு.

ஏன் இப்படி? சைக்ளோபாஸ்பமைடு டி.என்.ஏ. இழைகளைக் குறுக்கே பிணைக்கிறது. டாக்ஸோரூபிசின் டி.என்.ஏ. முறுக்கவிழ்வதைக் கெடுக்கிறது. வின்கிரிஸ்டின், செல் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இழுக்கும் கதிரைக் குலைக்கிறது. மூன்றும் செல்லுக்குள் போய்ச் செய்யும் வேலை. மருந்தை வெளியே இறைத்துத் தள்ளக் கற்றுக்கொண்ட செல் இவற்றிலிருந்து தப்பலாம். ரிட்டுக்சிமாப் உள்ளே போவதே இல்லை. செல்லின் மேல்தோலில் இருக்கும் சி.டி.20இல் ஒட்டிக்கொண்டு, உடலின் கொல்லி அணுக்களையும் இரத்தத்தில் உள்ள காம்ப்ளிமென்ட் புரதங்களையும் அதன்மேல் ஏவிவிடுகிறது. உள்ளே கற்ற தந்திரம் வெளியே வரும் தாக்குதலுக்கு உதவாது. போதாததற்கு, ரிட்டுக்சிமாப் ஒட்டிய செல் கீமோவுக்கு மேலும் எளிதில் மசிவதாக ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

என் கணக்குக்கே திரும்பினால், ஆயிரத்தில் 999க்குப் பதிலாக ஒரு சுற்றில் நூறில் 99 மட்டும் செத்தால், ஆறு சுற்று முடிந்தும் ஒரு லட்சம் செல் மிஞ்சும். ஸ்கேன் சுத்தமாக இருக்கும், நோய் திரும்பும். ரிட்டுக்சிமாப் வருவதற்கு முன்பு பலருக்கு நேர்ந்தது இதுதான்.

ரிட்டுக்சிமாப்பை மட்டும் தனியே கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். நோய் திரும்பியவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் கட்டி சுருங்கியது; பெரும்பாலும் அது நிலைக்கவும் இல்லை. வேகமான நோயை அது தனியாகத் துரத்திப் பிடிக்காது.

ரோசலின்

கீமோ பிரிவில் செவிலியராக இருக்கிறேன். "இன்னும் எதற்கு" என்ற கேள்வி எங்களிடம் வருவது பெரும்பாலும் கட்டி கரைந்ததால் அல்ல, முதல் சுற்று தந்த பயத்தால். அண்ணனிடம் அதையும் கேட்டுப் பாருங்கள்.

ரிட்டுக்சிமாப் முதல் முறைதான் பாடாய்ப் படுத்தும். மணிக்கு 50 மி.கி. என்று தொடங்கி, அரை மணிக்கு ஒரு முறை கூட்டிக்கொண்டே போவோம். ஒரு மணி நேரத்தில் சிலருக்குப் பல் கிட்டும் அளவுக்குக் குளிர் நடுக்கம் வரும், இரத்த அழுத்தம் இறங்கும். உடனே நிறுத்தி, ஊசி போட்டு, நடுக்கம் அடங்கியதும் பாதி வேகத்தில் மறுபடி தொடங்குவோம். கட்டிச் சுமை குறைந்துவிடுவதால் இரண்டாம் முறை பெரும்பாலும் இப்படி ஆவதில்லை. மறுநாள் சிறுநீர் சிவப்பாகப் போனால் அது டாக்ஸோரூபிசினின் நிறம்; இரத்தம் என்று பதறி ஓடி வருபவர்கள் பலர்.

உண்மையான ஆபத்து பத்தாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில், வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும்போது வரும். அண்ணன் இப்போது அங்கேதான் இருக்கிறார். 38 டிகிரியைத் தாண்டினால் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு படுக்கக் கூடாது, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு வர வேண்டும்.

இன்னொன்று: ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை, கோர் ஆன்டிபாடி உட்பட, செய்தார்களா? ரிட்டுக்சிமாப் பி செல்களைத் துடைத்துவிடுவதால், என்றோ வந்து கல்லீரலில் உறங்கும் வைரஸ் விழித்துக்கொள்ளும். பாசிட்டிவ் என்றால் சிகிச்சையோடு வைரஸ் மாத்திரையும் தொடங்க வேண்டும். ரிட்டுக்சிமாப் முடிந்து குறைந்தது ஓராண்டு வரை அதை நிறுத்தக் கூடாது.

நக்கீரன்66

மருத்துவர் அவர்களின் கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி சாகும் என்று எடுத்துக்கொள்கிறது. அது சரியென்றால் ஆறைவிட எட்டு சுற்று மேலாக இருக்க வேண்டும். 2008இல் ஜெர்மனியின் ரிக்கவர்-60 ஆய்வில் எட்டு சுற்று ஆறைவிட மேலாக இல்லை. எதிர்ப்பக்கத்தில், கதிரேசன் சொன்ன ஃப்ளையரில் நான்கு சுற்றுக்குப் பின் ரிட்டுக்சிமாப் மட்டும் இரண்டு முறை கொடுத்ததே ஆறுக்கு ஈடாக இருந்தது. உங்கள் கணக்குப்படி ஆயிரம் செல் மிஞ்சியவர்கள் எப்படிக் குணமானார்கள்?

மரு. அருள்மொழி

நியாயமான அடி. அந்தக் கணக்கு "ஒன்றோடு ஏன் நிறுத்தக் கூடாது" என்பதற்குத்தான் பதில். "ஏன் சரியாக ஆறு" என்பதற்கு அல்ல. தொடக்கத்தில் சுமை குறைவாக இருப்பவருக்கு நான்கிலேயே முடிந்துவிடலாம். கடைசிச் சிலவற்றை உடலின் எதிர்ப்புச் சக்தியே துடைக்கலாம். மசியாத செல்கள் முதலிலேயே இருந்தால் எட்டு கொடுத்தாலும் தீராது. அப்படிப்பட்டவர்களுக்கு வேறு ஆயுதம் வேண்டும். நோயாளியின் டி செல்களையே மாற்றி நோயின்மேல் ஏவும் கார்-டி செல் சிகிச்சை அதற்குத்தான் வந்தது.

ஆனால் ஃப்ளையரில் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள்: 60 வயதுக்கு உட்பட்டவர், முதல் அல்லது இரண்டாம் நிலை, கட்டி 7.5 செ.மீ.க்குக் கீழே, எல்.டி.எச். இயல்பு. அண்ணனுக்கு மற்றவை பொருந்துகின்றன, எல்.டி.எச். 412 பொருந்தவில்லை. அந்த ஒரு எண் அவரை அந்த ஆய்வுக்கு வெளியே நிறுத்துகிறது.

கதிரேசன்

எல்.டி.எச். பற்றிய நிபந்தனையை நான் கவனிக்கவில்லை. ஆனால் இரத்த மாதிரி குழாயில் சிதைந்தாலே எல்.டி.எச். கூடிக் காட்டுமே? மறுபடி பார்த்தார்களா?

நக்கீரன்66

அதைவிட முக்கியமான ஒன்று. அமெரிக்காவின் எஸ்1001 ஆய்வில் எல்.டி.எச். இயல்பாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் இரண்டு நிலைகளில், 10 செ.மீ.க்குக் குறைந்த கட்டி உள்ளவர்களுக்கு மூன்று சுற்று கொடுத்துப் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். சுத்தமாக இருந்தவர்களுக்கு இன்னும் ஒரே சுற்று, மொத்தம் நான்கு. ஐந்தாண்டு முடிவுகள் நன்றாகவே இருந்தன. ஆகவே "ஆறுதான்" என்று அடித்துச் சொல்ல முடியாது.

மரு. அருள்மொழி

உண்மை. ஆனால் அதில் ஆறோடு ஒப்பிட ஓர் எதிர்க்குழு இல்லை. 46 வயதில், இதயம் நன்றாக இருப்பவருக்கு, எல்.டி.எச். கூடியிருந்தால் நான் ஆறு பக்கம்தான் சாய்வேன். என்னோடு பணியாற்றும் ஒருவர் நான்கு பக்கம் சாய்வார், இருவருமே தவறில்லை. இருவரும் ஒப்புக்கொள்வது, அதை மூன்றாம் சுற்றுக்குப் பின் எடுக்கும் பெட் ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்ய வேண்டும் என்பதை. பத்தாம் நாள் கழுத்தைத் தடவிப் பார்த்து அல்ல.

சிவசங்கரன்

என் பழைய அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஃபாலிகுலர் என்றுதான் இருக்கிறது. அம்மா, நான் முதலில் சொன்னதை விட்டுவிடுங்கள். மருத்துவரே, என்னுடையது என்றாவது இந்த வேகமான வகையாக மாறுமா?

மரு. அருள்மொழி

சிலருக்கு மாறும் ஐயா. ஒரு கணு மட்டும் மற்றவற்றை விட்டுவிட்டு வாரக்கணக்கில் பெரிதானாலோ, எல்.டி.எச். திடீரென ஏறினாலோ, ஆறு மாதக் கெடுவுக்குக் காத்திராமல் போய்க் காட்டுங்கள். அந்தக் கணுவில்தான் பயாப்ஸி எடுக்க வேண்டும்.

தேன்மொழி

அம்மாவுக்கு ஆறு சுற்றும் முடிந்து மூன்றாம் ஆண்டு நடக்கிறது. இரண்டு ஆண்டைத் தாண்டிவிட்டால் பயம் குறைவு என்று சொன்னார்கள். அது ஆறுதலுக்குச் சொல்வதா, உண்மையா?

மரு. அருள்மொழி

உண்மை. திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுக்குள்தான். அதை நோயின்றிக் கடந்தவர்களின் ஆயுள், அதே வயதுள்ள மற்றவர்களின் ஆயுளுக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. ஆர்-சாப் பெறுபவர்களில் பத்துக்கு ஆறு பேர் அளவில் முதல் சிகிச்சையிலேயே குணமாகிறார்கள் என்பதற்கு இதுதான் பொருள். மீதி நான்கு பேரை நினைத்துத்தான் வின்கிரிஸ்டினுக்குப் பதில் பொலாட்டுசுமாப் சேர்த்த கூட்டும் வந்திருக்கிறது. இரண்டாண்டில் நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 70.2இலிருந்து 76.7 சதவீதமாகக் கூடினார்கள். உயிர் பிழைத்தோர் எண்ணிக்கையில் அப்போது வேறுபாடு தெரியவில்லை. எல்லாருக்கும் அது தேவையா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

பூங்குழலி

அனைவருக்கும் நன்றி. கணக்கை அப்படியே அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "ஒரு கோடி" என்ற இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். இரண்டாம் சுற்று நேற்று முடிந்தது, நடுக்கம் வரவில்லை. ஃபிஷ் முடிவு வந்துவிட்டது, மிக் இடம் மாறவில்லை. ஹெபடைட்டிஸ் கோர் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று முதலிலேயே இருந்திருக்கிறது, என்டகாவிர் கொடுத்திருக்கிறார்கள். அது எதற்கு என்று தெரியாமல் அண்ணன் பாதி நாள் விட்டிருக்கிறார்! எல்.டி.எச். மறுபடி பார்த்ததில் 190. ஆனால் இது சிகிச்சைக்குப் பின் எடுத்தது என்பதால் முதல் எண்ணைப் பற்றி எதுவும் சொல்லாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மூன்றாம் சுற்றுக்குப் பின் பெட் ஸ்கேன், அதற்குப் பிறகு நான்கா ஆறா என்று பேசலாம் என்கிறார்.

ரோசலின் அக்கா, விரல் நுனி மரத்தது போல் இருக்கிறது என்கிறார். இதற்கும் காத்திருக்கலாமா?

ரோசலின்

வின்கிரிஸ்டின் வேலை அது. நுனி மட்டும் மரத்தால் அடுத்த சுற்றுக்கு வரும்போது சொன்னால் போதும். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, செருப்பு நழுவுவது தெரியவில்லை, மலம் நாலைந்து நாளாக இறங்கவில்லை என்றால் உடனே கூப்பிடுங்கள். அந்த ஒரு மருந்தை மட்டும் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், மற்றவை தொடரும். என்டகாவிரை விட்ட நாள்களையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லி, கல்லீரல் பரிசோதனையும் வைரஸ் அளவும் இந்த வாரமே பாருங்கள்.